சட்டம் எதற்கு, பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் ஒருவர் நேற்று எழுதினார்: "ஆலைக்காரரும் ஊர்க்காரரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். கோர்ட் எதற்கு? நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் கோஸே சொல்லிவிட்டார்." வரிசையாகக் கைதட்டல் வேறு. நான் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவன், பொருளாதார மேதை இல்லை. ஆனால் கோஸ் 1960 கட்டுரையில் எடுத்துக்கொண்ட வழக்கைப் படித்தவன் இப்படிச் சொல்லமாட்டான்.

லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர். சமையலறையில் இரண்டு பெரிய உரல்கள், இருபது வருடத்துக்கு மேலாக இடி இடியென்று இடிக்கிறார். யாருக்கும் தொந்தரவில்லை. பின்பக்கத்து டாக்டர் தன் தோட்டக் கோடியில், அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். இடிக்கிற சத்தத்தில் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க முடியவில்லை. வழக்குப் போட்டார். 1879-ல் டாக்டர் பக்கம் தீர்ப்பு.

கோஸ் கேட்டது இதற்கு அப்புறம். நான் ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சத்தத்தால் டாக்டருக்கு 100 பவுன் நஷ்டம், உரலை இடம் மாற்ற 150 பவுன் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு டாக்டர் பக்கம் என்றாலும் மிட்டாய்க்காரர் 120 பவுன் கொடுத்துச் சம்மதம் வாங்கி இடித்துக்கொண்டே இருப்பார். இருவருக்கும் லாபம். இடம் மாற்ற 60 பவுன்தான் என்றால், தீர்ப்பு எதிர்ப்பக்கம் போயிருந்தாலும் டாக்டரே 80 பவுன் கொடுத்து உரலை நகர்த்திவிடுவார். ஆக, உரல் எங்கே இருக்கும் என்பது தீர்ப்பைப் பொறுத்ததில்லை. உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் யார் பையிலிருந்து பணம் போகும் என்பது தீர்ப்பைத்தான் பொறுத்தது! குழு நண்பர் இதை வசதியாக விட்டுவிட்டார். அதோடு, உரிமை யாருக்கு என்பதே தெளிவாக இல்லை. "இருபது வருடப் பழக்கம், எனக்கே உரிமை" என்றுதான் மிட்டாய்க்காரரும் வாதாடினார். அறை கட்டும்வரை அந்தச் சத்தத்துக்காக வழக்கே போட முடியாதே, அந்த வருடங்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று தள்ளியது கோர்ட். கோர்ட் சொல்லாமல் பேரம் எங்கே தொடங்கும்?

இன்னொன்று. அங்கே இரண்டே பேர், நடுவில் ஒரு சுவர். பேசச் செலவே இல்லை. பேச்சுவார்த்தைக்கே செலவு ஆகும் இடத்தில் இந்தக் கணக்கு நிற்காது என்று கோஸே எழுதியிருக்கிறார். நம் பாலாற்றங்கரைக்கு வாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நூற்றுக்கணக்கில் தோல் தொழிற்சாலைகள், ஆயிரக்கணக்கில் கிணறுகள். ஆலைகள் பணம் தர முன்வந்தாலும் கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவர் பத்து மடங்கு கேட்பார். கிணற்றுக்காரர்கள் காசு திரட்டலாமென்றால், அடுத்தவன் கொடுக்கட்டும் என்று ஒவ்வொருவரும் சும்மா இருப்பார்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது இதனால்தான்.

இனிமேலும் "பேசித் தீர்த்துக்கொள்" என்கிறவர்கள் ஒன்று செய்யட்டும். கிணறு உப்பாகிப்போன விவசாயியிடம், எந்த ஆலையின் கழிவு அவர் கிணற்றில் எவ்வளவு இறங்கியது என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். யாரிடம் போய்ப் பேசுவதென்று அவருக்குத் தெரிய வேண்டாமா?