"வங்கிக் கட்டணம் போக" என்று எழுதாதீர்கள்!

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் நம்மூர் சிறு வியாபாரிகள் இன்வாய்ஸோடு அனுப்புகிற மின்மடலில் இப்படி ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும்: "வங்கிக் கட்டணம் போக 1,200 டாலர் அனுப்பி வைக்கவும்." எழுதியவருக்கு இது தெளிவாகத்தான் தெரிகிறது. என்னைக் கேட்டால், பணம் கேட்பதற்கு இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை யோசித்துக்கூட எழுத முடியாது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சின்னாளபட்டியில் இருந்து ஒருவர் சிங்கப்பூர் கடைக்காரர் ஒருவருக்குச் சுங்குடிச் சேலை அனுப்புகிறார். இருவருமே தமிழர்கள், பல வருடப் பழக்கம், கடைக்காரரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். மடலும் தமிழில்தான். மேலே சொன்ன வரியை அண்ணாச்சி படிக்கிறார்.

முதலில் "டாலர்". அனுப்பியவர் மனதில் இருப்பது அமெரிக்க டாலர். ஆனால் அண்ணாச்சியின் கல்லாப்பெட்டியில் இருப்பதும் டாலர்தானே! சிங்கப்பூர் டாலர் அமெரிக்க டாலரைவிடச் சுமார் கால் பங்கு மலிவு. அவர் உள்ளூர் டாலர் என்று நினைத்து அனுப்பினால் இங்கே கால்வாசிப் பணம் காணாமல் போகும். அதில் அவருடைய தப்பு ஒன்றும் இல்லை.

அடுத்து "போக". இதுதான் பெரிய வில்லன். "கட்டணமெல்லாம் போன பிறகு என் கையில் 1,200 நிற்க வேண்டும்" என்று நினைத்து ஒருவர் எழுதுகிறார். "1,200-ல் கட்டணம் போக மீதி அவருக்கு" என்று இன்னொருவர் படிக்கிறார். இரண்டுமே சரியான தமிழ்தான். "நீங்கலாக" என்று மாற்றி எழுதினாலும் இதே கதிதான். "கட்டணம் தங்களுடையது" என்று எழுதுபவர்களும் உண்டு. எந்தக் கட்டணம்? சிங்கப்பூரில் பிடிப்பதா, வழியில் பிடிப்பதா, இங்கே பிடிப்பதா?

வழியில் என்ன பிடிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க டாலர் சிங்கப்பூரில் இருந்து நேராகத் திண்டுக்கல்லுக்குப் பறந்து வருவதில்லை. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் இன்னொரு வங்கி வரும். டாலர் என்றால் பெரும்பாலும் அது நியூயார்க்கில் இருக்கும். அதுவும் தன் பங்குக்குக் கை வைக்கும். ஆகக் கட்டணம் மூன்று இடத்தில் விழலாம். எது யார் தலையில் என்பதை அண்ணாச்சி வங்கிப் படிவத்தில் டிக் அடிக்கும் ஒரு கட்டம் தீர்மானிக்கிறது. அதில் மூன்று வழி உண்டு.

OUR என்றால் கட்டணம் அனுப்புபவருடையது. SHA என்றால் தன் வங்கியின் கட்டணத்தை அனுப்புபவர் கட்டுவார். வழியில் பிடிப்பதும் இங்கே பிடிப்பதும் பெறுபவர் தலையில். BEN என்றால் எல்லாமே பெறுபவருடையது, அனுப்பும் வங்கியின் கட்டணம்கூட அந்தத் தொகையிலேயே கழியும்.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் SHA-தான் விழும். ஒரு பேச்சுக்கு, நடு வங்கி 20 டாலர் பிடித்தது என்று வையுங்கள். நம் வங்கிக்கு வருவது 1,180. 1,200-ல் 20 என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இந்த வியாபாரத்தில் லாபம் பத்து சதவீதம் என்றால் லாபமே 120 டாலர்தான். அதில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் சரக்கின் தரத்தாலோ விலையாலோ இல்லை, ஒரு சொல்லால்!

"FOB என்று போட்டாச்சே, அதிலேயே செலவுப் பங்கீடு வந்துவிடுமே" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். வராது. FOB, CIF எல்லாம் சரக்கு எங்கே கைமாறுகிறது, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் யார் பொறுப்பு என்பதைப் பற்றிய விதிகள். பணம் அனுப்பும் செலவைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. எங்கள் பி.காம். வகுப்பில் FOB-க்குப் பக்கம் பக்கமாக நோட்ஸ் உண்டு, OUR, SHA-வுக்கு ஒரு வரி கிடையாது. எல்.சி. மூலம் நடக்கும் பெரிய வியாபாரத்தில் கட்டணம் யாருடையது என்று எழுதவே தனிக் கட்டம் இருக்கிறது. சின்ன ஆள்தான் மடலை நம்பி இருக்கிறார், அந்த மடலில்தான் இது இல்லை.

இன்னொரு கோஷ்டி, "விலையிலேயே 30 டாலர் ஏற்றிப் போட்டுடுங்க தம்பி, எதுக்கு வாக்குவாதம்" என்னும். எவ்வளவு பிடிப்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி, வழிக்கு வழி மாறும். ஒரு தடவை நமக்கு நஷ்டம், மறு தடவை அண்ணாச்சிக்கு. விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் புது வாடிக்கையாளர் அந்த 30-ஐப் பார்த்து வேறு கடைக்குப் போய்விடுவார்.

சரி, எப்படித்தான் எழுதுவது? இப்படி:

அன்புள்ள அண்ணாச்சி, வணக்கம். இன்வாய்ஸ் எண் 14 இணைத்திருக்கிறேன்.
1. நாணயம்: அமெரிக்க டாலர் (USD). சிங்கப்பூர் டாலராகவோ ரூபாயாகவோ மாற்றி அனுப்ப வேண்டாம்.
2. எங்கள் வங்கிக்கு வந்து சேர வேண்டிய தொகை: USD 1,200.00.
3. உங்கள் வங்கியின் கட்டணமும் வழியில் உள்ள வங்கிகளின் கட்டணமும் உங்கள் பொறுப்பு. படிவத்தில் OUR என்று குறிக்கவும்.
4. எங்கள் வங்கி பிடிப்பதும் ரூபாயாக மாற்றும் செலவும் எங்கள் பொறுப்பு.
5. தொகை குறைந்து வந்தால் மீதியைத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த முறை பணம் அனுப்பும்போது சேர்த்து அனுப்பலாம்.
6. அனுப்பியதும் வங்கி தரும் நகலை அனுப்பி வைக்கவும்.

இரண்டாவது வரிதான் உயிர். "அனுப்பவும்" என்று இல்லை, "வந்து சேர வேண்டிய" என்று இருக்கிறது. "போக" செய்த குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நாலாவது வரியை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். OUR போட்டால் எல்லாமே தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நம் வங்கி டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையைவிடக் குறைத்துத் தரும் வித்தியாசம் அதில் அடங்காது. நம் ஊர் வங்கி என்ன பிடிக்கும் என்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்ததை நாம் சுமப்பதுதான் நியாயம். ஐந்தாவது வரி ஏன்? 20 டாலர் பாக்கியைத் தனியாக அனுப்பினால் அதற்கும் இன்னொரு கட்டணம்!

ஆறாவது வரி, குறைந்தால் யார் பிடித்தது என்று கண்டுபிடிக்க. 2025 நவம்பரில் இருந்து வங்கிகள் தங்களுக்குள் அனுப்பும் இந்தச் செய்தி pacs.008 என்ற வடிவில் போகிறது. நகலில் ChrgBr என்று இருந்தால் பாருங்கள்: OUR அங்கே DEBT, SHA அங்கே SHAR, BEN அங்கே CRED. SHAR என்று இருந்தால் படிவத்திலேயே தப்பு. DEBT என்று இருந்தும் 1,180 வந்தால் வழியில் எவரோ விதியை மீறிப் பிடித்திருக்கிறார். அது நடப்பதுண்டு, அண்ணாச்சி தன் வங்கியில்தான் கேட்க வேண்டும். நம் வங்கிக்கு 1,200 முழுதாக வந்து கணக்கில் குறைந்திருந்தால், சண்டை நம்மூர்க் கிளையில் :-)

"பழகின மனுஷன்கிட்ட இப்படிக் கறாரா எழுதினா தப்பா நினைப்பாரே" என்பதுதான் கடைசி ஆட்சேபம். இதை இன்வாய்ஸில் திடீரென்று போட்டால் தப்பாகத்தான் நினைப்பார். சேலை கப்பலேறுவதற்கு முன்பே, விலை சொல்லும் மடலிலேயே இந்த வரிகளை எழுதிவிடுங்கள். OUR அவருக்குக் கட்டுப்படி ஆகவில்லையா, SHA என்றே வைத்துக்கொண்டு வழியில் பிடித்ததை ஆளுக்குப் பாதி என்று எழுதுங்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். மரியாதைக்காக எழுதாமல் விட்டு, அப்புறம் 20 டாலருக்காக மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில் என்ன மரியாதை இருக்கிறது?