கணினியில் அணிவித்த தலைக்கவசம்

வீதி விபத்துத் தடுப்புச் சுவரொட்டி ஒன்றைப் பற்றி எழுதவேண்டி வந்திருக்கிறது. வெளியிட்டவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, செய்கையில்தான் முரண்பாடு.

சுவரொட்டியில் இருக்கும் படம் எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னுடன் பணியாற்றிய புகைப்படப்பிடிப்பாளர் ஒருவர், காலை வேளையில் கொடிகாமச் சந்தைக்கு அருகே ஏ-9 வீதியில் எடுத்த படம் அது. ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். தலையில் எதுவும் இல்லை. பின்னால் ஏழெட்டு வயது மதிக்கத்தக்க சிறுவன், தந்தையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி. அவன் தலையிலும் எதுவும் இல்லை. நாங்கள் அதனை அன்று பத்திரிகையில் வெளியிட்டதே அந்த இரண்டு வெறுந்தலைகளுக்காகத்தான்.

சுவரொட்டியில் தந்தை பளபளப்பான கறுப்புத் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். சிறுவனைக் காணவில்லை.

முதலில் என் கண்ணில் பட்டது கவசத்தின் அளவு. உள்ளே தடித்த நுரைப் படையும் வெளியே ஓடும் இருப்பதால், கவசம் அணிந்த தலை வெறுந்தலையைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தெரியவேண்டும். இங்கே அது தலைமயிரை மறைக்கும் அளவுக்கு மட்டுமே இருந்தது. அடுத்தது வெளிச்சம். வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. சட்டை மடிப்புகள் அதைச் சொல்கின்றன. கவசத்தின் மினுக்கமோ வலப்பக்கத்தில் இருக்கிறது. ஓடும் வாகனமாதலால் ஆளின் உருவம் சற்றுக் கலங்கியிருக்க, கவசம் மட்டும் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததைப்போலக் கூர்மையாக நிற்கிறது. தார் வீதியில் விழுந்த நிழலை யாரும் தொடவில்லை. அதில் இரண்டு தலைகள் இருக்கின்றன.

இடுப்பருகே சட்டையின்மேல் நான்கு சிறிய விரல்களும் எஞ்சியிருக்கின்றன.

தொலைபேசியில் விசாரித்தேன். வடிவமைத்த இளைஞர் மறைக்காமல் சொன்னார்: "அண்ணை, ஹெல்மெட் இல்லாத ஆளை எப்பிடிப் போடுறது? பெடியனுக்குப் பொருந்துற சின்ன ஹெல்மெட் படம் கிடைக்கேல்லை. அதாலை அவனை எடுத்துவிட்டம். நல்ல விசயத்துக்குத்தானே?"

நல்ல விடயத்துக்குத்தான். ஆனால் அவர் எதை அழித்தார் என்பதைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் கவசம் அணியவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். தந்தை கவசத்துடனும் பிள்ளை வெறுந்தலையுடனும் செல்வதை எந்தச் சந்தியில் நின்றாலும் காணலாம். சிறுவர்களுக்கு அளவான கவசம் தேடிக் கிடைக்காத அதே பிரச்சினையைக் கணினியில் சந்தித்த வடிவமைப்பாளர், பிள்ளையையே நீக்கித் தீர்த்துவிட்டார். சுவரொட்டி பேசவேண்டிய விடயம் அதுதானே!

ஒட்டிய கவசம் தவறாகவும் கற்பிக்கிறது. அது நெற்றிக்கு வெகு மேலே ஏறி நிற்கிறது. புருவத்துக்கு மேல் இரு விரலளவு இடைவெளிக்கு மேல் இருக்கக்கூடாது. நாடிப் பட்டியும் இல்லை. பட்டி கட்டாத கவசம் விழுந்த கணத்திலேயே கழன்று ஓடிவிடும். பொலிஸாருக்காக மட்டும் தலையில் கவிழ்ப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. அவர்களுக்கு இச்சுவரொட்டி ஒரு சான்றிதழ்.

விளம்பரம் வேறு, செய்திப்படம் வேறு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஓவியம் வரையலாம், நடிகரை வைத்துப் படமெடுக்கலாம். பார்ப்பவர் அதனை அவ்வாறே எடுத்துக்கொள்வார். செய்திப்படத்தில் வெளிச்சத்தைச் சீராக்கலாம், ஓரத்தை வெட்டலாம். சுவரொட்டிக்காக இலக்கத் தகட்டை மறைத்தாலும் தவறில்லை. நடந்ததை நடக்காததாக்குவதுதான் எல்லை. 2003 இல் ஈராக்கின் பஸ்ராவுக்கு அருகே எடுத்த இரு படங்களை ஒன்றாக்கிய லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ் புகைப்படப்பிடிப்பாளர் பிரையன் வோல்ஸ்கி வேலை இழந்தார். கூட்டத்தில் சிலர் இருமுறை தோன்றியதே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவரும் படத்தை மேம்படுத்தவே எண்ணினார்.

இதற்கு மாற்றுவழி கடினமானதா? ஒரு தந்தையையும் மகனையும் அழைத்து, இரண்டு கவசங்களை இரவல் வாங்கி, பட்டியைப் பூட்டி, நின்ற மோட்டார் சைக்கிளில் இருத்திப் படமெடுக்க ஒரு காலைப்பொழுது போதும். அல்லது பழைய படத்தை அப்படியே போட்டு, "இருவருக்கும் எங்கே?" என்று கேட்டிருக்கலாம். முகத்தை மறைத்துவிட்டால் அந்த மனிதருக்கும் அவமானமில்லை. இப்போதோ அவர் அணியாத கவசத்துடன், பெறாத அனுமதியுடன், மகனின்றி ஊர்ச் சுவர்களில் இருக்கிறார்.

படத்தின் மூலையில் என் நண்பரின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. அவர் இன்று உயிருடன் இல்லை. குறைந்தபட்சம் அந்தப் பெயரையாவது நீக்குமாறு கேட்டேன். அடுத்த பதிப்பில் நீக்கிவிட்டார்கள். விரல்கள் அப்படியே இருக்கின்றன.