வெடித்த முள்ளெலும்பும் பின்புற இணைநாரும்

இடுக்கி எல்லையில் மிளகு பறிக்க மரமேறியவர் தவறி விழுந்து, முதல் இடுப்பு முள்ளெலும்பு வெடித்து முறிந்ததாகக் கொள்வோம். எலும்புத் துண்டு தண்டுவடக் குழாய்க்குள் புகுந்திருப்பதைப் படத்தில் கண்ட அளவிலேயே அறுவைதான் வழியென முடிவுகட்டுதல் தவறாகும். 2005-இல் வகுக்கப்பெற்ற மதிப்பெண் முறை துண்டின் அளவைக் கேட்பதில்லை. பின்புற இணைநாரின் நிலையையும் நரம்பின் நிலையையும் கேட்கிறது. வெடிப்பு முறிவுக்கு 2. இணைநாரும் நரம்பும் பழுதின்றியிருப்பின் அவ்வளவே, கவசம் போதும். இணைநார் அறுந்திருப்பின் 3 கூடி 5 ஆகும்; திருகாணியும் தண்டும் பொருத்துதல் தகும். ஐயம் மட்டுமாயின் 4. அங்கே மருத்துவரின் தீர்ப்பே துணை. முதுகின் நடுவே விரலுக்குத் தட்டுப்படும் பள்ளமும், படத்தில் முள்முனைகள் விலகிநிற்றலும் அறுந்தமைக்கு அறிகுறிகள். எம்.ஆர்.ஐ. படமோ வீக்கத்தையும் அறுப்பெனக் காட்டிவிடுவதுண்டு! எனவே கவசமணிந்தவரை நிற்கவைத்து மீண்டும் படமெடுத்தல் வேண்டும்; படுக்கையில் மறைந்த கூனல் அப்போது வெளிப்படும். விழுந்த இடத்தில் கால்விரல் அசைவைக் குறித்தனுப்பாவிடில், வலுவிழப்பு பின்னர் வந்ததா, முன்பே இருந்ததா என மருத்துவர் அறியவியலாது.