குளக்கரையில் நின்று எடுத்த 'பெரும்பான்மை'

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் பெரும்பான்மையோர் சைவ உணவகத்தையே விரும்புகிறார்களாம். ஒரு சந்தை ஆய்வு சொல்கிறது. அதைக் காட்டி, பீஃப் பிரியாணிக் கடைக்கு வாடகைக்கு இடமில்லை என்றிருக்கிறார் ஒரு கட்டட உரிமையாளர். வினாத்தாளைத் தோழர் ஒருவர் படமெடுத்து நமக்கு அனுப்பினார்.

ஒன்றிய அரசின் 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 98% பேர் அசைவம் உண்பவர்கள். அப்படியென்றால் இவர்கள் யாரைக் கேட்டார்கள்? தாளின் மேல் மூலையிலேயே இருக்கிறது: கோயில் குளக்கரை, வார நாள், காலை 10 முதல் 12 வரை. அந்நேரம் நொச்சிக்குப்பத்து மீன்கார அம்மா வியாபாரத்தில் இருப்பார். வீட்டு வேலைக்குப் போகும் அக்கா யாரோ ஒருவர் அடுப்படியில் இருப்பார். அங்கேயே நின்று இன்னும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் இவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டே ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். ரூஸ்வெல்ட் அமோகமாக வென்றார்.

அடுத்து, கேள்வி. 'சுத்தமான சைவ உணவகத்தை விரும்புவீர்களா?' சுத்தத்தையும் சைவத்தையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார்கள். (அசைவம் அழுக்கு என்று வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை, பாருங்கள்.) சுத்தத்தை மட்டும் விரும்புகிறவரும் 'ஆம்' என்பார். காலையில் இட்லி, இரவில் பிரியாணி சாப்பிடுகிறவரும் 'ஆம்' என்பார். விடைகளோ 'மிகவும்', 'விரும்புவேன்', 'ஓரளவு'. 'இல்லை'க்குக் கட்டமே கிடையாது.

'போன வாரம் வெளியே என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டிருக்கலாம். குலுக்கிப் போட்டு எடுத்த தெருக்களில், ஞாயிறு மாலை, வீடு வீடாகப் போயிருக்கலாம். எந்த இடத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் பதில் தர மறுத்தார்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.