நாக்குக்கு அடியில் வைக்கும் முன் ஒரு கேள்வி

மாரடைப்புக்கு முதலுதவி என்று ஒரு மாத்திரைப் பொட்டலத்தின் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் ஓர் ஆஸ்பிரின், ஒரு கொழுப்பு மாத்திரை, நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சார்பிட்ரேட். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கொடுங்கள் என்கிறது செய்தி. முதலிரண்டையும் பற்றி வேறொரு நாள் பேசலாம். மூன்றாவது மாத்திரையை முன்பின் தெரியாத ஒருவர் வாயில் போடுவது, சில உடல்களில் கொலைக்குச் சமமாகிவிடும். அந்த உடல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் நம் கவலை.

சார்பிட்ரேட் என்று நாம் சொல்வது ஐசோசார்பைடு டைநைட்ரேட். நைட்ரேட் வகை மருந்து. உடலுக்குள் போனதும் நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. அது ரத்தக்குழாய்ச் சுவரின் தசையில் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்குகிறது. தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இந்த ஜிஎம்பி பெருகிக்கொண்டே போகாமல் அவ்வப்போது உடைத்து அகற்றுவதற்கென்றே பாஸ்போடைஎஸ்ட்ரேஸ்-5 என்ற நொதி இருக்கிறது. சில்டெனாஃபில், டடாலாஃபில், வார்டெனாஃபில் ஆகிய மூன்றும் செய்வது அந்த நொதியைக் கட்டிப்போடுவதைத்தான். நைட்ரேட் குழாயைத் திறந்துவிடுகிறது. இவை தொட்டியின் வடிகாலை அடைக்கின்றன. தனித்தனியாக இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஓரளவுதான் குறைக்கும். சேர்ந்தால் தொட்டி வழிகிறது, உடலெங்கும் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் சரிகிறது.

சில்டெனாஃபில் என்றதும் வயாகரா நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் ஃபைசர் ஆய்வகத்தில் அது நெஞ்சுவலிக்கு மருந்தாகத்தான் தேடப்பட்டது. சோதனையில் சேர்ந்த ஆண்கள் சொன்ன பக்கவிளைவு அதன் தலையெழுத்தையே மாற்றியது. 1998 மார்ச்சில் விறைப்புக் குறைபாட்டுக்கான மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நைட்ரேட்டோடு சேரக்கூடாது என்ற எச்சரிக்கை அன்றே அதன் உறையில் இருந்தது. இருந்தும் முதல் சில மாதங்களில் பதிவான மரணங்களில் நைட்ரேட் எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். சிகிச்சை என்ற பெயரில் நைட்ரேட் கொடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். எச்சரிக்கை உறையில் இருக்கிறது. உறையோ வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவர் அதை எப்படிப் படிப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை வைத்துப் பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயதுக்காரர். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டடாலாஃபில் 20 மில்லிகிராம் போட்டிருக்கிறார். மருந்துச்சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சியில் நெஞ்சு இறுக்குகிறது. கூட நடந்த நண்பர் நல்ல மனதோடு தன் பையிலிருந்த 5 மில்லிகிராம் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கிறார். டடாலாஃபிலின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 17.5 மணி நேரம் ஆகும். ஆகவே பத்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியேறியிருக்கும். மீதி அப்படியே இருக்கிறது. சில நிமிடங்களில் வியர்த்துக் கொட்டுகிறது, கண் இருட்டுகிறது, ஆள் சரிகிறார். கால்களிலும் வயிற்றிலும் விரிந்துபோன சிரைகளில் ரத்தம் தேங்கிவிட, இதயத்துக்குத் திரும்பிவரும் அளவு குறைகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத் தமனியில் ரத்தம் போவதே அழுத்தத்தின் தயவால்தான். அந்த அழுத்தம் போனால், வெறும் நெஞ்சுவலியாக முடிந்திருக்க வேண்டியது உண்மையான மாரடைப்பாக மாறிவிடும்.

இதைவிடப் பயங்கரம் அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. மயங்கிச் சரிந்தவரைப் பார்த்தவர்கள் அட்டாக் முற்றிவிட்டது என்று நினைத்து இரண்டாவது சார்பிட்ரேட்டைத் தேடுவார்கள். வலியோடு உட்கார்ந்திருந்த ஆள், மாத்திரை வைத்த சில நிமிடங்களில் வெளிறிச் சரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த மாத்திரையைத்தான். வாயில் மிச்சமிருந்தால் துப்பச் சொல்ல வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். இந்தக் கூட்டுக்கு மாற்றுமருந்து கிடையாது. மருத்துவமனையில் சிரை வழியே திரவம் ஏற்றி, குழாய்களைச் சுருக்கும் மருந்து கொடுத்து, நேரம் கடக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வழி.

எவ்வளவு நேரம் என்பதற்கு மருத்துவ உலகில் கணக்கு இருக்கிறது. சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரம் நைட்ரேட் கூடாது. டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம். சில்டெனாஃபில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால் ஒரு நாளில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. ஆனால் இது ஆரோக்கியமான கல்லீரலுக்கான கணக்கு. முதியவர்களிடமும், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதானவர்களிடமும் மருந்து தங்கும் நேரம் நீளும். படர்தாமரைக்கு இன்று வாரக்கணக்கில் எழுதித் தரப்படும் இட்ராகோனசோலும், தொண்டைப்புண்ணுக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசினும் கல்லீரலில் சில்டெனாஃபிலைக் கரைக்கும் நொதியையே முடக்குகின்றன. அவர்களுக்கு 24 மணி நேரம் போதும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நெஞ்சுவலிக்காகத் தினமும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டோ, நைட்ரோகிளிசரின் மாத்திரையோ, நிகோராண்டிலோ எடுப்பவருக்கோ இந்த மணிக்கணக்கே பொருந்தாது. அவருக்குச் சில்டெனாஃபில் வகை எந்த நாளிலும் கிடையாது. காலையில் நைட்ரேட், ராத்திரியில் மற்றது என்று பிரித்துக்கொள்ளும் தந்திரம் உயிரை வைத்து ஆடும் ஆட்டம்.

இதுவரை பேசியது ஆண்களைப் பற்றி. நம் மருத்துவமனைகளில் சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுத்தீர்களா என்ற கேள்வி கேட்கப்பட்டாலும் ஆண்களிடம்தான் கேட்கப்படுகிறது; அதுவும் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, தணிந்த குரலில், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. அங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது.

நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் அழுத்தம் ஏறிப்போகும் நோய்க்கு 2005 முதல் சில்டெனாஃபிலும் 2009 முதல் டடாலாஃபிலும் அனுமதிக்கப்பட்ட மருந்துகள். ஒன்று 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, மற்றது 40 மில்லிகிராம் ஒரே வேளை, வருடக்கணக்கில். பிறவியிலேயே இதயத்தில் துளை இருந்து காலத்தில் மூடப்படாதவர்கள், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோயுள்ளவர்கள், காரணமே தெரியாதவர்கள் எனப் பலருக்கு இந்நோய் வருகிறது. அவர்களில் பெண்களே அதிகம். பச்சிளங்குழந்தைகளுக்கும் சில்டெனாஃபில் கொடுக்கப்படுகிறது. இவர்கள் உடலில் மருந்து இல்லாத மணி நேரம் என்று ஒன்று இல்லை. ஆகவே இவர்களுக்கு நைட்ரேட் என்றைக்குமே கூடாது.

அப்படி ஒரு முப்பத்திரண்டு வயதுப் பெண், ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நெஞ்சு இறுக்கத்தோடு பக்கத்து கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்நோயில் நெஞ்சுவலி சாதாரணமாக வரக்கூடியது. இசிஜி எடுத்தால் வலது கீழறையின் சிரமத்தால் அலைகள் தலைகீழாகியிருக்கும். பார்ப்பவருக்கு அது ரத்த ஓட்டக் குறைவு போலவே தெரியும். ஒரு சார்பிட்ரேட் வைக்கப்படுகிறது. வழக்கமாகவே நூறைத் தொட்டுக்கொண்டிருக்கும் அவரது அழுத்தம் விழுகிறது. நுரையீரல் பக்கத்து உயர் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன அந்த வலது அறைக்கு, தன் ரத்தம் மகாதமனியிலிருந்துதான் வரவேண்டும். மகாதமனியில் அழுத்தம் இல்லையென்றால் அந்த அறை பட்டினியில் திணறி நின்றுவிடும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால், நுரையீரலுக்கு ஒரு மாத்திரை என்று அவர் சொல்லியிருப்பார். பெயர் கேட்டிருந்தால் ஒருவேளை கைப்பையிலிருந்து அட்டையையே எடுத்துக் காட்டியிருப்பார்.

இன்னொரு கூட்டமும் உண்டு. சிறுநீர் தடைப்படும் புராஸ்டேட் வீக்கத்துக்கு டடாலாஃபில் 5 மில்லிகிராம் தினமும் எழுதப்படுகிறது. எழுபது வயதுத் தாத்தாவிடம் அந்த மாதிரி மாத்திரை போட்டீர்களா என்று சிரித்துக்கொண்டு கேட்டால் கோபித்துக்கொள்வார், இல்லை என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அது ஒன்றுக்குப் போகிற மாத்திரை. அதேபோல, மூலிகை என்றும் லேகியம் என்றும் வீரிய சூரணம் என்றும் விற்கப்படும் பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆண்டுதோறும் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பெரிய விளம்பரமும் உடனடிப் பலனும் உள்ள எந்தச் சூரணத்தையும் இந்த மாத்திரையாகவே கணக்கில் எடுப்பது நல்லது.

நைட்ரேட் கொடுக்காவிட்டால் மாரடைப்பு வந்தவர் செத்துப்போக மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. மாட்டார். ஏறத்தாழ 58,000 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1995-ல் வெளியான ஐசிஸ்-4 ஆய்வில், மாரடைப்பின்போது கொடுத்த மோனோநைட்ரேட் மரணத்தைக் குறைக்கவில்லை. அது வலியைக் குறைக்கும். உயிரைக் காப்பது அடைப்பை நீக்கும் சிகிச்சை. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரப்படும் 14 மாத்திரைகளைப் பாருங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின். நைட்ரேட் அந்தப் பட்டியலில் இல்லை. அரசுத் திட்டமே கையில் எடுக்காததை நடைப்பயிற்சி நண்பர் ஏன் எடுக்க வேண்டும்?

நெஞ்சுவலியோடு வரும் ஒவ்வொருவரிடமும், ஆணோ பெண்ணோ, கடந்த இரண்டு நாளில் சில்டெனாஃபில், டடாலாஃபில் எடுத்தீர்களா, நுரையீரல் அழுத்தத்துக்கோ புராஸ்டேட்டுக்கோ மாத்திரை உண்டா என்று கேட்டு விடையை எழுதும் கட்டம், 108 ஆம்புலன்ஸ் படிவத்திலும் அவசரப் பிரிவுச் சீட்டிலும் அச்சாக வேண்டும். அச்சடித்த கேள்விக்கு வெட்கம் கிடையாது. கேட்பவரும் கூசமாட்டார், சொல்பவரும் கூசமாட்டார். மருந்துச்சீட்டு இன்றி விற்கக் கூடாத இந்த மாத்திரைகளை மிட்டாய் போல எடுத்துக் கொடுக்கும் கடைகள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கை வைக்க வேண்டும். அட்டையில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கை, தமிழில், நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்க்காதே என்று படிக்கும் அளவில் வர வேண்டும். நுரையீரல் அழுத்த நோயாளி ஒவ்வொருவருக்கும் நைட்ரேட் கூடாது என்று எழுதிய அட்டை ஒன்றை மருத்துவமனை கொடுத்தனுப்ப வேண்டும்; அதற்கு ஆகும் செலவு ஒரு தேநீர் விலை.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் பையில் இருக்கும் சார்பிட்ரேட் உங்களுக்காக எழுதப்பட்டது. அதை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். சில்டெனாஃபில் வகை மாத்திரை எதுவாயினும் எடுப்பவராக இருந்தால், நெஞ்சு வலித்த உடனே ஆம்புலன்ஸ்காரரிடமும் மருத்துவரிடமும் பெயரையும் எடுத்த நேரத்தையும் கேட்காமலேயே சொல்லுங்கள்.