பட்டியல் நாம் எழுதலாம், உறுதி செய்ய வேண்டியவர் மருந்தாளுநர்

மருந்துச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நம் வயதுக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் அழிந்துபோனால் முதலில் கூகுள் போட்டோஸில் ‘Trash’ என்ற பகுதியைப் பாருங்கள். பேக்கப் ஆகியிருந்த படம் 60 நாளும், ஆகாத படம் 30 நாளும் அங்கே இருக்கும். அங்கும் இல்லையென்றால், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைப் பார்த்து நாமே பட்டியல் எழுத வேண்டியதுதான். ஆனால் மருந்தாளுநர் சரிபார்க்கும்வரை அந்தப் பட்டியல் சீட்டாகாது என்பது என் கட்சி.

எங்கள் தெரு நண்பர் ஒருவரின் மனைவிக்கு ரத்த அழுத்தமும் முடக்குவாதமும் உண்டு. பேரன் விளையாட்டாகப் படத்தை அழித்துவிட்டான். நண்பர் உட்கார்ந்து மூன்று வரி எழுதினார்:

டெல்மிசார்ட்டான் 40 – காலை
ஃபோலிக் ஆசிட் 5 – இரவு
மெத்தோட்ரெக்ஸேட் 7.5 – இரவு

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அட்டைகளோடு மருந்துக் கடைக்குப் போனார். மருந்தாளுநர் கம்ப்யூட்டரில் பழைய பில்லை எடுத்தார். முதல் மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஓர் எழுத்து இருந்தது. கூடவே நீர் பிரியும் மருந்து 12.5 மில்லிகிராம் சேர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். வீட்டு அட்டையில் அந்த மூலையை வெட்டி எடுத்திருந்ததால் எழுத்து போய்விட்டது.

அடுத்து மூன்றாவது வரி. அட்டையில் 2.5 என்றிருக்க, பட்டியலில் 7.5. பில்லில் நான்கு வாரத்துக்கு 12 மாத்திரை. தினமும் மூன்று என்றால் 84 மாத்திரை அல்லவா வேண்டும்? வாரத்தில் ஒரே நாள், மூன்று மாத்திரை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகும். போதாக்குறைக்கு அந்த மாத்திரையும் ஃபோலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகவே வருகின்றன. ஒன்றுக்கு மற்றொன்று மாறிப்போவது எளிது.

பில்லில் பெயரும் பலமும் எண்ணிக்கையும் இருக்கும். எந்தக் கிழமை, எந்த வேளை என்பது இருக்காது. அதனால் அவர் மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டார். மெத்தோட்ரெக்ஸேட் ஞாயிறு இரவு, ஃபோலிக் ஆசிட் திங்கள் இரவு மட்டும் என்று பதில் வந்தது. அளவை மருந்தாளுநர் தானாக முடிவு செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். சந்தேகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, உரியவரிடம் கேட்டார். அந்தக் கண் நமக்குக் கிடையாது.

ஆகவே பட்டியல் எழுதினால் அட்டைகளையும் பழைய பில்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த மதிய வேளையில் கடைக்குப் போங்கள். வார மருந்து இருந்தால் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையை எழுத்தால் எழுதுங்கள். அட்டையை வெட்டும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.