தலைதட்டி ஒரு கரண்டி

பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த பாட்டிக்காக, பால்மாவு டின்னைப் படமெடுத்துத் தமிழில் எழுதிக் கொடுக்கிறீர்களா? அளவில் கவனம் வையுங்கள். ‘120 மில்லி தண்ணீர், 4 லெவல் ஸ்கூப்’ என்றிருந்தால், முதலில் 120 மில்லி தண்ணீர், பிறகே மாவு. ‘120 மில்லி பால்’ என்று எழுதினால், மாவைப் போட்டுவிட்டு 120 கோடுவரை நீர் ஊற்றுவார். பால் கெட்டியாகிவிடும், குழந்தைக்கு நீர்ச்சத்து குறையலாம், மலம் இறுகலாம்.

‘லெவல்’ என்பதற்கு நம் சொல் ‘தலைதட்டி’. வெறும் ‘ஒரு கரண்டி’ என்றால் பாசத்தோடு குவித்துப் போடுவார். டின்னோடு வந்த கரண்டி என்றும் சேருங்கள். டின்னுக்கு டின் கரண்டி மாறும்.

‘மீதிப் பாலைக் கொட்டிவிடவும்’ என்பதை ‘கொடுக்காமலிருப்பது நல்லது’ என்று குழைக்காதீர்கள். குழந்தை வாய்வைத்த பாலில் கிருமி வேகமாகப் பெருகும். டின் கட்டளையிட்டால் தமிழும் கட்டளையிடட்டும்.